குறியீடு யார் கைக்கு வருகிறது?

இணையத்தில் ஒரு கணக்கைத் திறக்கும்போது இரண்டு பெட்டிகளை எல்லோரும் அவசரமாக நிரப்பிவிட்டு அப்பால் போகிறோம். ஒன்று கைத்தொலைபேசி இலக்கம். மற்றையது மின்னஞ்சல் முகவரி. பெயரை எழுதும்போது பிறப்புச் சான்றிதழை எடுத்து எழுத்துக்கு எழுத்துப் பார்க்கிறோம். அடையாள அட்டை இலக்கத்தை இருமுறை வாசிக்கிறோம். தொலைபேசி இலக்கத்துக்கு வரும்போது மட்டும் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்து, "உங்கட நம்பரைப் போடுங்கோவன்" என்று சொல்லிவிடுகிறோம்.

பாடசாலையில் தகவல் தொழினுட்பம் கற்பிப்பவள் என்ற வகையில், உயர்தரப் பரீட்சை எழுதிய மாணவியர் பலர் விண்ணப்ப காலத்தில் என்னிடம் வருவதுண்டு. கணினி தெரியாமல் தடுமாறி வருபவர்கள் குறைவு. "குறியீடு வருதில்லை ரீச்சர்" என்று வருபவர்களே அதிகம். குறியீடு பெரும்பாலும் வந்துதான் இருக்கும். ஆனால் அது வேறொருவருடைய கையில் போய் இறங்கியிருக்கும்.

இந்தச் சிறு குறியீடு எதைச் சோதிக்கிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்வோம். கணக்கில் உள்ள இலக்கத்துக்கு ஆறு எண்கள் குறுஞ்செய்தியாக அனுப்பப்படுகின்றன. சில நிமிடங்களுக்குள் அந்த எண்களைத் திரையில் பதிபவரையே கணக்கின் உரிமையாளர் என்று கணினி எடுத்துக்கொள்கிறது. பெயரையோ முகத்தையோ அது பார்ப்பதில்லை. அந்த நேரத்தில் அந்தச் சிம் அட்டை யாருடைய கையில் இருக்கிறது என்பது ஒன்றுதான் அதற்குத் தெரியும். ஆகவே வேறொருவரின் இலக்கத்தைக் கொடுப்பது, வீட்டைப் பூட்டிச் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு வருவது போன்றது. அவர் நல்லவராக இருக்கலாம். ஆனால் நமக்குத் தேவைப்படும் நாளில் அவர் பக்கத்தில் இருப்பாரா என்பதுதான் கேள்வி.

ஒரு நாளில் முடியாத பயணம்

பல்கலைக்கழக அனுமதியை எடுத்துக்கொள்ளுங்கள். பெறுபேறு வந்தபின் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு கைந்நூலை வெளியிட்டு, இணையவழியில் விண்ணப்பங்களைக் கோருகிறது. விண்ணப்பம் அனுப்பிய பின் இசற் புள்ளிகளின் அடிப்படையில் தெரிவு நடக்கிறது. தெரிவானவர்கள் குறித்த திகதிக்குள் பதிவுசெய்ய வேண்டும். சிலர் பதிவுசெய்யாமல் விடுவதால் ஏற்படும் வெற்றிடங்கள் பின்னர் நிரப்பப்படுகின்றன. விண்ணப்பத்துக்கும் இந்தக் கடைசிப் படிக்கும் இடையில் பல மாதங்கள் கடந்துவிடும். முதற்சுற்றில் இடம் கிடைக்காத ஒரு பிள்ளை, இனி ஒன்றும் வராது என்று மனம் விட்டிருக்கும் காலத்தில்தான் வெற்றிட அழைப்பு வரக்கூடும்.

விண்ணப்பத்தன்று குறியீடு வந்து வேலை முடிந்துவிட்டால் இலக்கம் சரி என்று நினைத்துவிடுகிறோம். இலக்கத்துக்கு அன்று நடந்தது முதற் சோதனை மாத்திரம். ஒரு வருடம் கழித்தும் அதே இலக்கம், அதே மின்னஞ்சல் உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

எங்கள் பகுதிக் குடும்பங்களுக்கு இது இன்னும் கொஞ்சம் சிக்கலானது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பல, இன்றும் புத்தளத்தில் ஒரு காலும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு காலுமாக வாழ்கின்றன. ஒரே வீட்டில் அங்கே வாங்கிய சிம் ஒன்று, இங்கே வாங்கிய சிம் ஒன்று, வாப்பா வெளிநாடு போகுமுன் பாவித்தது ஒன்று என மூன்று நான்கு இருக்கும். எந்தக் கணக்கு எந்த இலக்கத்தில் திறக்கப்பட்டது என்பது வீட்டில் ஒருவருக்கும் ஞாபகமிராது.

ஒரு மாணவிக்கு நடந்தது

சாவகச்சேரியில் எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று அப்படிப் புத்தளத்திலிருந்து திரும்பி வந்தது. மகள் உயர்தரம் எழுதியிருந்தாள். வீட்டில் இருந்தது உம்மாவின் பொத்தான் தொலைபேசி ஒன்றுதான். விண்ணப்பத்துக்கு மின்னஞ்சல் வேண்டும் என்றதும், உம்மாவும் மகளும் பட்டினத்திலிருந்த ஒரு கொமினிகேசனுக்குப் போனார்கள். அங்கிருந்த தம்பி உதவும் மனம் உள்ளவர். ஜிமெயில் கணக்கொன்றைத் திறந்து கொடுத்தார். தொலைபேசி இலக்கம் கேட்ட இடத்தில், உம்மாவின் தொலைபேசி வீட்டில் இருந்ததால், தன் இலக்கத்தைப் போட்டார். குறியீடு உடனே வந்தது. கடவுச்சொல்லைப் பற்றுச்சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். அந்த மின்னஞ்சலைக் கொடுத்தே விண்ணப்பமும் பூர்த்தியானது. மகள் அதன் பின்னர் இரண்டு மூன்று தடவை அதே கடைக் கணினியில் போய்த் தன் மின்னஞ்சலைத் திறந்து பார்த்தாள்.

மாதங்கள் பல சென்றன. நானா ஒருவர் அவளுக்கு ஒரு திறன்பேசி கொடுத்தார். அதில் மின்னஞ்சலைத் திறக்க முயன்றபோது பற்றுச்சீட்டைக் காணவில்லை. ஞாபகத்தில் இருந்த கடவுச்சொல் பிழைத்தது. `Forgot password?` என்பதை அழுத்தினாள். குறியீடு அனுப்பவா என்று திரை கேட்டது. இலக்கம் முழுவதும் மறைக்கப்பட்டு, கடைசி இரண்டு எண்கள் மட்டும் தெரிந்தன. அவை 43. உம்மாவின் இலக்கம் 43 இல் முடிவதல்ல. பெண்பிள்ளை அதைக் கவனிக்காமல் அனுப்பச் சொல்லிவிட்டு உம்மாவின் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் வரவில்லை. ஆறேழு தடவை அழுத்தினாள். பிறகு, இப்போது முடியாது, சில மணிநேரம் கழித்து முயலுங்கள் என்று திரை சொன்னது. அந்த நிலையில்தான் என்னிடம் வந்தார்கள்.

"நெற்வேர்க் சரியில்லைப் போல, ரீச்சர்" என்றார் உம்மா.

"இல்ல உம்மா, இது எங்கட நம்பரே இல்ல. கடைசி ரெண்டு எண்ணையும் பாருங்கோ" என்றேன்.

திரையில் தெரியும் அந்த இரண்டு எண்கள்தான் முதலிற் பார்க்க வேண்டியவை. அவை உங்கள் இலக்கத்தோடு பொருந்தினால், செய்தி தாமதிக்கிறது என்று எண்ணிக் காத்திருப்பதில் அர்த்தம் உண்டு. பொருந்தாவிட்டால் நாள் முழுவதும் காத்திருந்தாலும் வராது. மின்னஞ்சலுக்கும் அப்படியே முதல் எழுத்துகள் சில காட்டப்படும். அவற்றையும் ஒப்பிட வேண்டும்.

பிறகு அந்தத் தம்பியைத் தேடினோம். அவர் கடையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டுக் கிளிநொச்சிக்குப் போயிருந்தார். அந்தப் பழைய சிம் அட்டை ஒரு பழைய தொலைபேசியில், லாச்சியில் கிடந்தது. அதை மின்னேற்றி அலையெடுக்க வைக்கும்படி கேட்டுக்கொண்டோம். அவர் தயாரென்று சொல்லும்வரை நாங்கள் எதையும் அழுத்தவில்லை. குறியீடு சில நிமிடங்களே செல்லுபடியாகும். இரு பக்கமும் ஒரே நேரத்தில் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

இன்னொன்றும் செய்தோம். புதிய திறன்பேசியிலிருந்து முயலாமல், மகளை அழைத்துக்கொண்டு அதே கடைக்குப் போய், அவள் முன்னர் மின்னஞ்சல் திறந்த அதே கணினியில் அமர்ந்தோம். கணக்கை மீட்கும்போது, வழமையாகப் பாவித்த சாதனத்திலிருந்தும் வழமையான இடத்திலிருந்தும் முயலும்படி கூகுள் நிறுவனமே அறிவுறுத்துகிறது. முன்பின் தெரியாத தொலைபேசியிலிருந்து வரும் கோரிக்கையை அது சந்தேகத்தோடு பார்க்கும். சரியான குறியீட்டைக் கொடுத்தாலும் சிலவேளை மறுக்கும். அன்று மறுக்கவில்லை. தம்பி ஆறு எண்களையும் வாசித்தார், கணக்குத் திறந்தது, புதிய கடவுச்சொல்லை அவளே அமைத்தாள். பதிவுசெய்யும் திகதி இன்னும் கடக்கவில்லை என்பதை உள்ளே கிடந்த கடிதத்திலிருந்து தெரிந்துகொண்டோம்.

அந்தத் தம்பி கிடைத்திராவிட்டால்? அப்போது ஒரே வழி, புதிய மின்னஞ்சல் ஒன்றைத் திறந்து, தேசிய அடையாள அட்டை இலக்கம், பரீட்சைச் சுட்டெண் ஆகியவற்றோடு உரிய நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்துத் தொடர்பு விபரத்தை மாற்றித் தரும்படி கேட்பதுதான். அது மனிதர்கள் பார்த்து முடிவெடுக்கும் வேலை; நாட்கள் எடுக்கும். திகதி நெருங்கிய நேரத்தில் அதை நம்பியிருக்க முடியாது.

எந்த இலக்கத்தைக் கொடுப்பது?

மாணவிக்குச் சொந்தமாகத் தொலைபேசி இல்லாதது குறையல்ல. வீட்டில் உள்ள ஒருவரின் இலக்கத்தைக் கொடுக்கலாம். ஆனால் எவருடையது என்பதை மூன்று கேள்விகள் கேட்டுத் தீர்மானிக்க வேண்டும்.

முதலாவது: இந்தத் தொலைபேசி இரவில் எந்த வீட்டில் இருக்கிறது? நான் பார்க்கும் விண்ணப்பங்களில், வெளிநாட்டில் வேலைசெய்யும் வாப்பாவின் இலங்கை இலக்கம் அடிக்கடி வருகிறது. வீட்டுத் தலைவர் என்ற மரியாதைக்காக எழுதுகிறார்கள். அவர் கட்டாரில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இலங்கைச் சிம்மை அங்கே கழற்றி வைத்திருந்தாலோ, ரோமிங் வசதி இல்லாதிருந்தாலோ செய்தி போய்ச் சேராது. சேர்ந்தாலும், இங்கே காலை பத்தரை மணி அங்கே எட்டு மணி. அவர் வேலைத்தளத்தில் நிற்பார். இடைவேளையில் எடுத்துப் பார்த்துச் சொல்வதற்குள் குறியீடு காலாவதியாகிவிடும். அதைவிட, வீட்டோடு இருக்கும் உம்மாவின் பொத்தான் தொலைபேசி எவ்வளவோ மேல். குறுஞ்செய்தி பெறுவதற்குத் திறன்பேசியோ இணைய வசதியோ தேவையில்லை. அலை இருந்தாற் போதும்.

இரண்டாவது: சிம் அட்டை யாருடைய பெயரில் இருக்கிறது? தொலைபேசி தொலைந்தாலும் பழுதடைந்தாலும், அதே இலக்கத்துக்கு வேறு சிம் எடுக்க முடியும். ஆனால் அது பதிவில் உள்ள உரிமையாளர் அடையாள அட்டையோடு போனால் மட்டுமே நடக்கும். தெருவோரத்தில் வாங்கிய சிம், பழகியவர் கொடுத்த சிம், முன்னர் குடியிருந்தவர் விட்டுப்போன சிம் என்றால், தொலைந்த அன்றே இலக்கமும் போய்விட்டது என்று கருதவேண்டியதுதான். தான் பாவிக்கும் சிம் தன் பெயரில் பதிவாகியுள்ளதா என்று பார்க்க இலங்கையில் எளிய வழி உண்டு. அந்தத் தொலைபேசியிலிருந்தே பின்வருமாறு அழைத்துப் பார்க்கலாம்:

```
#132#
```

பெயர் பொருந்தாவிட்டால், அடையாள அட்டையோடு அந்தத் தொலைபேசி நிறுவனத்தின் கிளைக்குச் சென்று உரிமையை மாற்றிக்கொள்ள வேண்டும். விண்ணப்பம் நிரப்புவதற்கு முன்னர் செய்ய வேண்டிய வேலை இது.

மூன்றாவது: இன்னும் இரண்டு வருடத்துக்கு இந்த இலக்கம் உயிரோடு இருக்குமா? நீண்ட காலம் பணம் இடாமலும் பாவிக்காமலும் விட்ட முற்கொடுப்பனவு இலக்கத்தை நிறுவனம் துண்டித்துவிடும். பின்னர் அதே இலக்கம் வேறொருவருக்கு விற்கப்படலாம். அப்படி நடந்தால் உங்கள் குறியீடு தொலைந்துபோகாது. முன்பின் தெரியாத ஒருவரின் தொலைபேசியில் ஒலிக்கும். இலவச நிமிடங்களுக்காக வாங்கி, சலுகை முடிந்ததும் வீசிவிடும் சிம்மைக் கணக்கோடு இணைக்கக் கூடாது என்பது இதனால்தான்.

எழுதும்போது வரும் பிழைகள்

இலங்கையின் கைத்தொலைபேசி இலக்கத்தில் பத்து எண்கள், முதலில் 07. நாட்டின் குறியீடு +94. சில தளங்களில் பெட்டிக்கு முன்னால் +94 ஏற்கெனவே இருக்கும். அங்கே முதற் பூச்சியத்தை விட்டுவிட்டு, ஏழில் தொடங்கும் ஒன்பது எண்களை மட்டும் எழுத வேண்டும். பூச்சியத்தையும் சேர்த்து எழுதினால் சில தளங்கள் தாமே திருத்திக்கொள்ளும். சில பிழையென்று சொல்லும். சில ஒன்றும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டு, இல்லாத இலக்கத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். பெட்டியின் முன்னால் ஒன்றும் இல்லாவிட்டால் பூச்சியத்தோடு பத்து எண்களையும் எழுதலாம். உம்மாவின் இலக்கத்தை ஞாபகத்திலிருந்து எழுதாமல், அந்தத் தொலைபேசியிலிருந்து உங்களுக்கு ஓர் அழைப்பு எடுத்து, திரையில் விழும் இலக்கத்தைப் பார்த்து எழுதுங்கள்.

மின்னஞ்சலில் பிழை பெரும்பாலும் `@` குறிக்குப் பின்னால்தான் வருகிறது. `gmail.com` என்பதை `gmial.com` என்றும் `gmail.con` என்றும் `gmail.lk` என்றும் எழுதியிருப்பதைக் கண்டிருக்கிறேன். இவை எவையும் உங்களிடம் வரா. முன்பகுதியில் ஓர் எழுத்துப் பிசகினால் இன்னும் மோசம். அந்த முகவரி வேறொருவருக்குச் சொந்தமாக இருக்கலாம். நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதுவது வீட்டுக்கு வீடு வேறுபடும். ஒரே பெயரை `Fathima` என்றும் `Fathima` வின் `h` இல்லாமலும், முடிவில் இன்னோர் `h` சேர்த்தும் எழுதுவோர் உண்டு. ஆகையால் முகவரியை வாயாற் சொல்லி மற்றவரைத் தட்டச்சுச் செய்ய விடாமல், நீங்களே எழுதுங்கள். ஜிமெயிலில் பெயருக்கு நடுவே வரும் புள்ளிகள் மட்டும் பொருட்டல்ல. புள்ளி விட்டாலும் சேர்த்தாலும் கடிதம் அதே பெட்டிக்கே வரும்.

மின்னஞ்சலுக்கும் ஒரு காவல்

விண்ணப்பத் தளத்தின் கடவுச்சொல் மறந்தால் மின்னஞ்சல் கைகொடுக்கும். மின்னஞ்சலின் கடவுச்சொல் மறந்தால் தொலைபேசி கைகொடுக்கும். ஆகவே முதலில் உறுதிப்படுத்த வேண்டியது மின்னஞ்சலை. அந்த மாணவியின் கணக்குத் திறந்ததும் நாங்கள் எழுந்து போகாமல், அங்கேயே இருந்து செய்தவற்றைச் சொல்கிறேன்.

`myaccount.google.com` என்ற முகவரிக்குச் சென்றோம். பாதுகாப்புப் பகுதியில் `Recovery phone` என்ற இடத்தில் 43 இல் முடியும் அந்த இலக்கம் இருந்தது. அதை நீக்கி, உம்மாவின் இலக்கத்தைப் பதிந்தோம். உம்மாவின் தொலைபேசிக்குக் குறியீடு வந்து, அதைப் பதிந்த பின்னரே மாற்றம் ஏற்கப்பட்டது. அடுத்து `Recovery email` என்ற இடத்தில் அவளுடைய திருமணமான சாச்சியின் மின்னஞ்சலை, அவரிடம் கேட்டு, சேர்த்தோம். இரண்டாவது வழி ஒன்று இருந்தால், உம்மாவின் தொலைபேசி பழுதான நாளிலும் கதவு திறக்கும். அந்த இரண்டாவது முகவரி அவளுடையதாகவே இருந்து, அதன் கடவுச்சொல்லும் மறந்துவிட்டால் பயனில்லை. அதனால்தான் நம்பிக்கையான இன்னொருவருடையதைச் சேர்த்தோம்.

பழைய இலக்கத்தை நீக்கியவுடன் அது முற்றாக அகன்றுவிடும் என்று எண்ண வேண்டாம். மாற்றத்துக்குப் பின்னரும் 7 நாட்கள்வரை பழைய இலக்கத்துக்குக் குறியீடு அனுப்ப கூகுள் இடமளிக்கக்கூடும். எவராவது திருட்டுத்தனமாக இலக்கத்தை மாற்றினால் உண்மையான உரிமையாளர் மீட்டெடுப்பதற்காக வைத்த ஏற்பாடு அது. ஆகவே அந்த ஒரு வாரம் பழைய சிம்மை வீசிவிட வேண்டாம் என்று தம்பியிடம் சொன்னோம்.

இருபடிச் சரிபார்ப்பு வசதியையும் ஏற்படுத்தினோம். அதில் `Backup codes` என்று ஒன்று உண்டு. எட்டு எண்கள் கொண்ட பத்துக் குறியீடுகளைத் தருவார்கள். தொலைபேசியே இல்லாத நேரத்தில் இவற்றில் ஒன்றைப் பதிந்து உள்ளே போகலாம். ஒவ்வொன்றும் ஒரு தடவைதான் செல்லும். தொலைபேசியைப் பலர் பகிர்ந்து பாவிக்கும் வீட்டுக்கு இது மிக உதவும். அச்செடுத்து, பிறப்புச் சான்றிதழ் வைக்கும் கோவையில் வைத்தாள். கடைக் கணினியில் அச்செடுத்ததால், கோப்பை அழித்து, கணக்கிலிருந்தும் வெளியேறிய பின்னரே எழுந்தோம்.

விண்ணப்பத்துக்காக மட்டும் திறந்து பிறகு தொடாமலே விடும் மின்னஞ்சலுக்கும் ஓர் எல்லை உண்டு. 2 வருடங்கள் பாவிக்காத தனிப்பட்ட கணக்குகளை நீக்கும் நடைமுறையை கூகுள் 2023 டிசம்பரிலிருந்து கொண்டுவந்துள்ளது. மாதம் ஒருமுறையாவது திறந்து பார்ப்பவருக்கு அந்தக் கவலை இல்லை, கடிதங்களும் தவறா.

சரியான இலக்கத்துக்கும் வராவிட்டால்

கடைசி இரண்டு எண்களும் பொருந்துகின்றன, ஆனாலும் செய்தி இல்லை என்றால், ஒன்றன்பின் ஒன்றாகப் பாருங்கள். வேறொருவரைக் கொண்டு அந்த இலக்கத்துக்கு ஒரு சாதாரணக் குறுஞ்செய்தி அனுப்பச் சொல்லுங்கள். அதுவும் வராவிட்டால் குறை தொலைபேசியில் அல்லது அலையில் இருக்கிறது. பொத்தான் தொலைபேசிகளில் பழைய செய்திகள் நிரம்பியிருந்தால் புதியது உள்ளே வராது. விளம்பரச் செய்திகளை அழித்தவுடன் வந்து விழும். நண்பியின் செய்தி வருகிறது, குறியீடு மட்டும் வரவில்லை என்றால், திறன்பேசியில் தடுக்கப்பட்ட செய்திகளின் பகுதியைத் திறந்து பாருங்கள். நிறுவனங்கள் அனுப்பும் செய்திகள் இலக்கத்துக்குப் பதில் பெயரோடு வருவதால், முன்னர் ஏதோ விளம்பரமென்று அதைத் தடுத்திருக்கலாம். மின்னஞ்சலுக்கு வரவேண்டிய குறியீடானால் `Spam` பகுதியையும் பாருங்கள்.

திரும்பத் திரும்ப அழுத்துவது நிலைமையைக் கெடுக்கும். ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் புதிய குறியீடு பிறக்கிறது. பெரும்பாலான தளங்களில் பழையது செல்லாமற் போகிறது. மூன்று செய்திகள் தாமதமாக ஒன்றாக வந்தால், எது கடைசி என்று தெரியாமல் முதலாவதைப் பதிந்து "பிழை" என்ற பதிலைப் பெறுவீர்கள். ஒருமுறை அழுத்தி, ஐந்து நிமிடம் பொறுத்து, மறுமுறை அழுத்தி, கடைசியாக வந்ததைப் பதியுங்கள். எல்லை மீறி முயன்றால் தளமே சில மணிநேரம் கதவை மூடிவிடும். அந்த மாணவிக்கு நடந்ததும் அதுவே.

இன்னொரு நிலைமையும் உண்டு. நீங்கள் எதையும் அழுத்தாமலே குறியீடு வந்தால், வேறொருவர் உங்கள் கணக்கைத் திறக்க முயல்கிறார், அல்லது தவறுதலாக உங்கள் இலக்கத்தை எழுதிவிட்டார் என்று அர்த்தம். சற்று நேரத்தில் ஒருவர் அழைத்து, "மாறி வந்திட்டுது, அந்த நம்பரை ஒருக்காச் சொல்லுங்கோ" என்று பணிவாகக் கேட்கக்கூடும். உம்மாவின் இலக்கத்தைக் கொடுத்திருக்கும் பிள்ளைகள் இதை உம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். வீட்டுப் பிள்ளை பக்கத்தில் இருந்து கேட்டாலன்றி, அந்த ஆறு எண்களை எவருக்கும் வாசிக்கக் கூடாது. கிளிநொச்சித் தம்பி நமக்கு வாசித்தாரே என்று நீங்கள் கேட்கலாம். அவர் எங்களை அறிந்தவர். நாங்கள் அழுத்துவதற்கு முன்னரே அவரிடம் பேசியிருந்தோம். ஆயினும் அவர் கையில் அந்தக் கணக்கின் சாவி அத்தனை மாதம் இருந்ததென்பதும் உண்மை. அவர் நல்ல மனிதராக அமைந்தது அந்தப் பிள்ளையின் நற்பேறு.

இப்போது என்னிடம் வரும் மாணவியரிடம், விண்ணப்பம் அனுப்பிய அன்றே ஒரு தாளில் நான்கு வரிகள் எழுதச் சொல்கிறேன்: கணக்கின் பெயர், இணைத்த மின்னஞ்சல், இணைத்த தொலைபேசி இலக்கமும் அந்தச் சிம் யார் பெயரில் உள்ளதென்பதும், இணைத்த திகதி. கடவுச்சொல்லை அந்தத் தாளில் எழுத வேண்டாம். பிறகு கணக்கிலிருந்து வெளியேறி, `Forgot password?` என்பதை ஒருமுறை அழுத்தி, திரை காட்டும் கடைசி இரண்டு எண்களும் தாளில் உள்ளவையும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். குறியீடு உம்மாவின் கைக்கு வந்து சேர்ந்ததைக் கண்ணாற் கண்டபின், கடவுச்சொல்லை மாற்றாமலே அந்தப் பக்கத்தை மூடிவிடலாம். வீட்டில் எவராவது தொலைபேசி இலக்கத்தை மாற்றும் நாளில் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தால், பழைய சிம்மைக் கழற்றுவதற்கு முன் எந்தெந்தக் கணக்கில் மாற்ற வேண்டும் என்பது தெரிந்துவிடும்.